ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது?

(திருவில்லிபுத்தூரில் நடந்த தோழர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண் புருசன் வீட்டில் இருக்க முடியவில்லை என்று வந்து நின்றால், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். “அடிச்சானா?” இல்லை என்றால் அடுத்தது, “குடிக்கானா?” அதற்கும் இல்லை என்றால், “பெறகு என்னம்மா குறை ஒனக்கு?” என்று பேச்சு முடிந்துவிடும். அந்த மூன்றாவது கேள்விக்கு அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடிவதில்லை. பதில் இல்லாததால் அல்ல. நடப்பதற்கு ஒரு பெயர் அவளிடம் இல்லை. அந்தப் பெயரைப் பற்றியும், அதைச் சொல்லிக்கொண்டு யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்பது பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

சாதி ஒழிப்புக் கூட்டத்தில் புருசன் பெண்டாட்டி சமாச்சாரம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் அடிப்படை அகமண முறை என்று நிறுவினார். அகமணத்தைக் காப்பதற்கு உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய வழிகள் கையாளப்பட்டன என்றும் காட்டினார். மூன்றுமே பெண் எங்கே போகலாம், யாரோடு பேசலாம், யாரோடு வாழலாம் என்பதை அடுத்தவர் முடிவு செய்யும் ஏற்பாடுகள். சாதி அந்த வேலையை ஊர் அளவில் செய்கிறது. கணவன் அதையே வீட்டு அளவில் செய்யும்போது மட்டும் அது எப்படிச் சொந்த விசயமாகும்?

எங்கே அடையாளம் காண்பது? மத்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வு, வீடு வீடாகப் போய் மணமான பெண்களிடம் கணவனின் கட்டுப்படுத்தும் நடத்தை பற்றி ஆறு விசயங்களைக் கேட்கிறது. நீ வேற்று ஆணிடம் பேசினால் பொறாமையோ கோபமோ கொள்கிறானா? உன் நடத்தை சரியில்லை என்று அடிக்கடி குற்றம் சாட்டுகிறானா? தோழிகளைப் பார்க்க விடாமல் தடுக்கிறானா? பிறந்த வீட்டோடு தொடர்பைக் குறைக்கிறானா? எந்நேரமும் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறானா? பணத்தை உன்னிடம் நம்பிக் கொடுக்க மறுக்கிறானா? இந்த ஆறில் அடி இல்லை, குடி இல்லை. ஆனால் இவை சேர்ந்து வரும் வீடுகளில் அடியும் கூடவே வருவது அதிகம் என்பதால்தான் ஆய்வாளர்கள் இவற்றைத் தனியே கேட்கிறார்கள்.

இதில் ஒன்றிரண்டு எல்லா வீட்டிலும் இருக்குமே என்பீர்கள். இருக்கும். “சாப்பிட்டியா, எங்க இருக்க?” என்று கேட்பதெல்லாம் வன்முறை ஆகாது. வேறுபாடு தெரிய வேண்டுமானால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அவள் மறுத்தால் என்ன நடக்கிறது? ஒருநாள் போனை எடுக்கவில்லை, ஒருநாள் அம்மா வீட்டில் தங்கிவிட்டாள், ஒருநாள் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயைத் தானே செலவழித்தாள். அன்றைக்கு ஒரு சண்டையோடு போகிறதா, அல்லது மறுநாளிலிருந்து புதிதாக ஒரு விதி முளைக்கிறதா? விதிகள் கூடிக்கொண்டே போய், அவள் பேசும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தால், அது பாசத்தில் வரும் கோபம் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய தொடர் கட்டுப்பாட்டையே 2015ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. நம் நாட்டில் அப்படித் தனிக் குற்றப்பிரிவு இல்லை. ஆனால் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆய்வுக்காக இந்தப் பகுதியில் பல பெண்களிடம் பேசியிருக்கிறேன். அவர்களில் சிலருடைய அனுபவங்களைச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி மாற்றி, ஒரு பெண்ணின் கதையாகச் சொல்கிறேன்.

அவர் இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். தலித் பெண். கணவர் இடைநிலைச் சாதி. காதல் மணம். மாலை மாற்றி, தோழர்கள் முன்னிலையில் நடந்த திருமணம். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு கணவர், “ஒனக்காக எங்க ஆளுகளையே விட்டுட்டு வந்தேன்” என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் அது பெருமையாக இருந்தது. போகப்போக அது கடனாக மாறியது. நான் இவ்வளவு விட்டேனே, நீ இதைக்கூட விடமாட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலனியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதை விட்டார். மில்லில் கூட வேலை பார்க்கும் பெண்களோடு பேசுவதை விட்டார். சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை கணவர் கைக்குப் போனது. பஸ் காசை அவர் எண்ணிக் கொடுத்தார். ஷிப்ட் முடிந்து வீடு வர இருபது நிமிடம், இருபத்தைந்தானால் கேள்வி. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அவர் ஒருநாளும் அடிக்கவில்லை.

இவர் மூன்று பேரிடம் சொன்னார். முதலில் மாமியாரிடம். “எம்மவன் ஒன்ன நல்லாத்தான வச்சிருக்கான்” என்ற அத்தை, அன்று இரவே மகனிடம் சொல்லிவிட்டார். அடுத்து, கணவரின் சாதிப் பெரியவர் ஒருவரிடம். அவர் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று இவரிடம்தான் எழுதி வாங்கினார். மூன்றாவது, திருமணத்தை முன்நின்று நடத்திய நம் தோழர் ஒருவர். அவர் சொன்னதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். “இப்ப நீ பிரிஞ்சா சாதிவெறியனுகளுக்குத்தான் கொண்டாட்டம். காதல் கல்யாணம் இப்படித்தான் முடியும்னு பேசுவானுக. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா.” நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தத் திருமணத்தைச் சாதி ஒழிப்பின் சாட்சியாக நிறுத்திவைக்கும் சுமை முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் ஏறியது. நான்காவதாக ஒருவரிடம் சொல்ல அவருக்கு ஒரு வருடம் ஆனது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்திய அளவில் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடுதான். தேடியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டிடம்தான் போகிறார்கள். சாதி மறுப்பு மணம் செய்த பெண்ணுக்குப் பல சமயம் அந்தக் கதவும் மூடியிருக்கிறது. அதனால் யாரிடம் சொல்வது என்பது அவளுக்கு மற்றவர்களைவிடப் பெரிய கேள்வி. மூன்றைப் பார்த்து முடிவு செய்யலாம். இவரிடம் சொல்வது அவன் காதுக்குப் போகுமா? இந்தத் திருமணம் நீடிப்பதில் இவருக்குச் சொந்த ஆதாயமோ கௌரவமோ இருக்கிறதா? இவர் முடிவை என் கையில் விடுவாரா, அல்லது என் சார்பில் தானே முடிவெடுப்பாரா? மாமியார் முதல் கேள்வியில் தோற்றார். சாதிப் பெரியவர் மூன்றிலும் தோற்றார். நம் தோழர் இரண்டாவதில் தோற்றார்.

நான்காவது ஆள், மில்லில் பக்கத்து மிசினில் நிற்கும் ஓர் அக்கா. அவர் அறிவுரை சொல்லவில்லை. இடைவேளையில் தன் போனைக் கொடுத்து, “இதுல பேசு, ஒம்போன்ல வேண்டாம்” என்றார். இது முக்கியம். 181 என்பது தமிழ்நாடு அரசின் மகளிர் உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். ஆனால் கண்காணிக்கப்படும் போனிலிருந்து அழைத்தால் அந்த எண் அழைப்புப் பட்டியலில் நிற்கும். வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தில் தெரியாத கருவி ஏதாவது இருந்தால், இவருடைய செய்திகள் வேறெங்கோ படிக்கப்படுகின்றன என்று பொருள். கூகுள் மேப்ஸில் Location sharing என்ற இடத்தில் இவர் இருக்குமிடம் யாருக்குப் போகிறது என்று தெரியும். பார்த்த உடனே அதைத் துண்டிக்கக் கூடாது. துண்டித்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிடும். வெளியேற ஏற்பாடு முடிகிற வரை அந்தப் போனை அப்படியே விட்டுவிட்டு, வேறு போனில் பேச வேண்டும்.

181 வழியாக அவர் பாதுகாப்பு அலுவலரைத் தொடர்புகொண்டார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன்படி நியமிக்கப்படும் அலுவலர் இவர். நம் மாவட்டத்துக்கு விருதுநகரில் சமூக நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறார். இவர் நிரப்பும் படிவம் 1, அதாவது குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை பற்றி ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படிவம் “அடிச்சானா?” என்பதோடு நிற்பதில்லை. உங்கள் நடத்தைமீது பழி சொன்னாரா, வீட்டைவிட்டு வெளியே போக விடாமல் தடுத்தாரா, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமல் தடுத்தாரா, வேலைக்குப் போவதைத் தடுத்தாரா என்பவை உணர்வுவழி வன்முறை என்ற தலைப்பில் வரிசையாக இருக்கின்றன. உங்கள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டாரா, சம்பளத்தைச் செலவழிக்க விடாமல் தடுத்தாரா என்பவை பொருளாதார வன்முறை என்ற தலைப்பில் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர் கேட்காத மூன்றாவது கேள்வியின் பதில் அந்தப் படிவத்தில் அச்சாகியே இருக்கிறது. இந்தப் பெண் அதைப் பார்த்தபோதுதான் தனக்கு நடப்பதற்குப் பெயர் உண்டு என்று அறிந்தார்.

ஆகவே எழுதும்போது “கொடுமைப்படுத்துகிறார்” என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த மாதத்திலிருந்து ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருக்கிறது, எந்தெந்த விசேசத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக விடவில்லை, மில் வாசலில் வந்து எத்தனை முறை நின்றார் என்று தேதியோடு எழுத வேண்டும். கட்டுப்பாடு என்பது ஒருநாள் நிகழ்ச்சி அல்ல. வரிசையாக அடுக்கினால்தான் அது நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து கிளம்புமுன் அவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். ஆதார், ரேசன் அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, திருமணப் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை அந்த அக்காவின் வீட்டில் வைத்தார். வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினார். குறுஞ்செய்தி கணவர் பார்க்கும் போனுக்கு வராதபடி வேறு எண் கொடுத்தார். சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லி மில் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதைக் கடைசி வாரம் வரை தள்ளிவைத்தார். முன்கூட்டியே மாற்றியிருந்தால் மாதச் சம்பளம் ஏறாத அன்றே விசயம் வெளியாகியிருக்கும். இப்படிப்பட்ட உறவிலிருந்து வெளியேறும் நாள்களே ஆபத்து அதிகமான நாள்கள் என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. அதனால் ரகசியம் காப்பது கோழைத்தனம் ஆகாது.

அடுத்தது வழக்கறிஞர். நம் மாவட்டத்தில் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது இந்தத் திருவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இங்கேதான். இராசபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்ணுக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானச் சான்று கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். தேசிய அளவில் 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இன்னொரு வசதி, அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் மனுப் போட 2005 சட்டம் இடம் தருகிறது. அவர் திருவில்லிபுத்தூரில் ஒரு தோழியின் வீட்டில் தங்கி, இங்கேயே மனுப் போட்டார். கணவரின் ஆட்கள் நிற்கும் ஊருக்கு வாய்தாவுக்குப் போக வேண்டியதில்லை. அம்மா வீட்டுக்குப் போகாததும் திட்டப்படிதான். அவன் முதலில் தேடிப் போகும் இடம் அதுதான்.

கணவர் நோட்டீசுக்குப் பதிலாக, “கல்யாணத்தப் பதியவே இல்ல, இவ எம்பொண்டாட்டியே கிடையாது” என்றார். சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் சட்டப்படி செல்லும். அதற்கும் மேலே, 2005 சட்டம் திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணையும் காக்கிறது. அந்த வாதம் எடுபடவில்லை. கணவர் போனிலோ மில் வாசலிலோ தொடர்புகொள்ளக் கூடாது, அட்டையையும் சான்றுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதன் வரம்புகளையும் சொல்ல வேண்டும். மனு கொடுத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வழக்கு இழுக்கும். இவருடைய வழக்கும் இழுக்கிறது. ஆகவே 23ஆவது பிரிவின்படி இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வேண்டும். அடுத்து, நோட்டீசு போன நாளில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அன்று இரவு எங்கே படுப்பது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். போக இடமில்லையென்றால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112க்கோ 181க்கோ அழைக்க வேண்டும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அன்றே கணவனை வரவழைத்து, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, சமாதானம் பேசி, அவனோடு அதே வண்டியில் அனுப்பிவைப்பதுதான் அங்கே நடக்கிற பெரிய ஆபத்து. அச்சத்தில் இருப்பவளால் அவன் முன்னால் உண்மையைப் பேச முடியாது. தனியாகத்தான் பேசுவேன் என்று சொல்லலாம். படித்துப் பார்க்காத சமாதானத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

போனைப் பற்றி இன்னொன்று. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த மணவிலக்கு வழக்கில், கணவர் மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சான்றாகக் கொடுத்தார். மனைவியின் அந்தரங்கத்தை மீறி எடுத்த சான்று செல்லாது என்று 2024 அக்டோபரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஆனால் 2025 சூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணவிலக்கு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே அவனிடம் பேசுவது எல்லாம் பதிவாகிறது என்று எண்ணியே பேச வேண்டும். அவன் அனுப்பும் மிரட்டல் குரல் பதிவுகளை அழிக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சேர்த்துவைப்பதும் அவளுக்கு உதவும்.

கடைசியாக, திருமணங்களை நடத்திவைக்கும் நம் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சாதி மறுப்புத் திருமணம் முடிந்ததும் நம் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். அந்தப் பெண் பிறந்த வீட்டையும் தெருவையும் இழந்து வந்திருந்தால், அவள் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கணவனின் நண்பராக இருக்கக் கூடாது. ஒரு பெண் தோழராக, அவளோடு தனியாகப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது பார்த்துப் பேச வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்து, சான்றின் ஒரு நகலை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். அவள் ஒருநாள் வந்து, போதும் என்று சொன்னால், நம் இயக்கத்தின் பெயரை அவள் முன்னால் வைக்கக் கூடாது. சாதியை எதிர்த்து மணம் முடிக்க உரிமை உண்டு என்று சொன்ன நாம், அதிலிருந்து வெளியே வரவும் உரிமை உண்டு என்று சொல்லாவிட்டால், சாதிப் பெரியவர் வாங்கிய அதே கையெழுத்தைத்தான் நாமும் வாங்குகிறோம்.

அந்தப் பெண் இப்போதும் அதே மில்லில் வேலை பார்க்கிறார். வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். வாய்தாவுக்கு வரும் நாளில் அரை நாள் சம்பளம் போகிறது. ஏ.டி.எம். அட்டை அவர் கையில் இருக்கிறது.